பழைய லேஸ் கைப்பின்னலா, மெஷினா? ஏற்காட்டுப் பெட்டியில் கிடைத்த ஒரு துணியை வைத்துப் பார்ப்போம்

ஏற்காட்டில் ஒரு பழைய காபித் தோட்டத்து பங்களாவைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். பழைய துணி என்றால் நான் மலையேறி வருவேன் என்று தெரிந்த ஒருவர் சொல்லியனுப்பியிருந்தார். தகரப் பெட்டியைத் திறந்ததும் பூஞ்சை வாசனை. மேஜை விரிப்புகளுக்கு அடியில் ஒரு டிரே துணி இருந்தது. 40 சென்டிமீட்டருக்கு 60, வெள்ளை லினன், சுற்றிலும் நாலு சென்டிமீட்டர் லேஸ், இரண்டு நீளப் பக்கங்களிலும் வரிசையாகச் சிறு பூங்கொத்துகள், ஒரு மூலையில் இரண்டு ஆங்கில எழுத்துகள்.

"தொரையம்மா காலத்துதுங்கக்கா. எல்லாமே கையில போட்டது" என்றார் காவல்காரரின் மனைவி.

இப்படி ஒரு துணி கைக்கு வந்தால் முதன்முதலாகப் பார்ப்பவர் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை இந்த ஒரு துணியை வைத்தே சொல்கிறேன். "இது கைவேலையா?" என்று முழுத் துணிக்கும் சேர்த்து ஒரே கேள்வி கேட்டால் பதில் தப்பாகத்தான் வரும். லேஸ் தனி, பூ தனி, எழுத்து தனி. ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்தில், வேறு வேறு காலத்தில் செய்யப்பட்டு ஒரே துணியில் சேர்ந்திருக்கலாம்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

சேலத்தில் நூல் வியாபாரிகளிடமும் தறிக்காரர்களிடமும் இருக்கும் பிக் கிளாஸ் போதும். இழை எண்ணுவதற்கென்று மடக்கி விரிக்கிற சின்னக் கண்ணாடி அது. பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது. கூடவே ஒரு கறுப்புத் துணி, முனை மழுங்கிய தடித்த ஊசி ஒன்று, தையல்காரர் டேப். புற ஊதா டார்ச் ஒன்று இருந்தால் கடைசியில் உதவும். ரூபாய் நோட்டைப் பார்க்க வைத்திருப்பார்களே, அதேதான்.

கறுப்புத் துணியை விரித்து அதன் மேல் லேஸைப் பரப்புங்கள். வெளிச்சம் மேலிருந்து வராமல் பக்கவாட்டில் விழட்டும், அப்போதுதான் எந்த இழை மேலே, எது கீழே என்று தெரியும். கறை இருக்கிறதே என்று பார்ப்பதற்கு முன்னால் துவைத்துவிடாதீர்கள். பிசிறு, அறுந்த முனை, ஒட்டுத் தையல் எல்லாம் சாட்சிகள். துவைத்தால் பாதி போய்விடும்.

முதல் படி: ஓர் இழையின் பின்னாலேயே போங்கள்

லேஸின் பெயரைக் கண்டுபிடிப்பதில் புதியவர்கள் நேரத்தை வீணாக்குகிறார்கள். பெயர் பிறகு வரட்டும். ஏதாவது ஒரு நிரம்பிய இடத்தை, அதாவது இலையோ பூவோ ஓட்டையில்லாமல் துணி மாதிரி அடர்ந்திருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்து, ஊசி முனையால் ஓர் இழையைத் தொட்டு அது எங்கே போகிறது என்று பின்தொடருங்கள்.

கைலேஸில் பெரும் வகை இரண்டு. ஒன்று ஊசியால் செய்வது. நூலும் ஊசியும் மட்டும் வைத்து, நம் தையல்காரர் பொத்தான் ஓட்டைக்குப் போடும் காஜா தையலையே அந்தரத்தில் வரிசை வரிசையாகப் போட்டுக்கொண்டு போவது. கண்ணாடியில் பார்த்தால் எல்லாமே சின்னச் சின்னக் காஜா வளையங்களாகத் தெரியும். இன்னொன்று திண்டு லேஸ். ஒரு திண்டின் மேல் புள்ளி குத்திய அட்டையைப் பொருத்தி, குண்டூசிகளை நட்டு, நூல் சுற்றிய பல சிறு குச்சிகளை இரண்டிரண்டு ஜோடியாக மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. 1820-களில் மிஷனரி ஒருவரின் மனைவியான மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது இதைத்தான். பின்னர் அவருடைய மகள் எலைசா கால்டுவெல் இடையன்குடியில் இதை வளர்த்தார். தென்னிந்திய பங்களாப் பெட்டிகளில் சீமை லேஸும் நம்மூர் லேஸும் கலந்து கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

திண்டு லேஸில் குச்சிகளுக்கு இரண்டே அசைவுதான். நடுவிலிருக்கும் இரண்டு நூல்களைக் குறுக்கே மாற்றுவது ஒன்று, ஜோடிக்குள்ளேயே ஒரு முறுக்குக் கொடுப்பது இன்னொன்று. இந்த இரண்டையும் எந்த வரிசையில் செய்கிறோம் என்பதில்தான் எல்லா வடிவமும் பிறக்கிறது. அடர்ந்த இடத்தில் ஒரு ஜோடி மட்டும் இடமிருந்து வலம் போய், கரையில் குண்டூசியைச் சுற்றித் திரும்பி, வலமிருந்து இடம் வரும். மற்ற நூல்கள் தொங்கியபடி நிற்கும். கண்ணாடிக்குள் பார்த்தால் அது அசல் சாதா நெசவு. ஊடை ஒன்று மேலே, ஒன்று கீழே என்று போகும். அம்மாபேட்டையில் தறி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம். பாவு நிற்கிறது, ஊடை போய்த் திரும்புகிறது, அவ்வளவுதான். திரும்பும் இடத்தில் குண்டூசி நின்ற சின்ன ஓட்டையும் இருக்கும்.

மெஷின் லேஸ் இந்த இடத்தில்தான் மாட்டும். 1813-இல் நாட்டிங்ஹாமில் ஜான் லீவர்ஸ் உருவாக்கிய மெஷினும் அதன் வழியில் வந்தவையும்தான் பழைய பெட்டிகளில் கிடைக்கும் மெல்லிய மெஷின் லேஸில் பெரும்பங்கு. அந்த மெஷினில் நூல்கள் எல்லாம் அடிப்படையில் நீளவாக்கில் ஓடுபவை. மெல்லிய இழை பக்கத்து இழையைச் சுற்றிக்கொள்ளும், கொஞ்சம் நகரும், அடுத்ததைச் சுற்றும். தூரத்தில் பார்த்தால் இலை நிரம்பியிருக்கும். கண்ணாடி வைத்தால் நெசவு இருக்காது. கார்டுராய் துணி போல ஒரே திசையில் ஓடும் வரிகள்தான் இருக்கும். எந்த இழையும் இலையின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போய்த் திரும்பியிருக்காது.

இந்த ஒரு சோதனை தெரியாததால் நான் ஏமாந்திருக்கிறேன். ஆரம்ப காலத்தில் ஒரு பழைய சாமான் வியாபாரியிடம் மூன்று மீட்டர் லேஸைக் கைப்பின்னல் என்று நம்பி நல்ல விலை கொடுத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து திருப்பிப் பார்த்தேன். பூக்களைச் சுற்றிக் கோடு போட்டிருந்த தடித்த நூல் ஒவ்வொரு பூ முடியும் இடத்திலும் கத்தரித்து விடப்பட்டு, மீசை மாதிரி இரண்டு முனைகள் நீட்டிக்கொண்டிருந்தன. மெஷினில் அந்தத் தடித்த நூல் ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்குத் தாவும், பிறகு தாவலை வெட்டி விடுவார்கள். கைலேஸில் தடித்த நூலைப் பின்னலோடு சேர்த்தே நடத்திக்கொண்டு போவார்கள், பூவுக்குப் பூ இப்படி வெட்டிய முனைகள் வரிசையாக நிற்காது. அந்த மீசைகளைக் கடையிலேயே பார்த்திருக்கலாம். அன்று நான் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏற்காட்டுத் துணிக்கு வருவோம். அதன் லேஸில் விசிறி விசிறியாகக் கரை. ஒரு விசிறிக்குள் ஊசி முனையை வைத்தேன். ஜோடி போனது, திரும்பியது, மறுபடி போனது. நெசவு சுத்தமாக மேல்கீழாக இருந்தது. லீவர்ஸ் இல்லை என்பது அங்கேயே முடிந்துவிட்டது.

இரண்டாம் படி: பிழையைத் தேடுங்கள்

நெசவு இருக்கிறது என்பதாலேயே கைலேஸ் என்று எழுதிவிட முடியாது. பார்மன் என்ற ஜெர்மன் ஊரின் பெயரால் அழைக்கப்படும் வட்ட வடிவப் பின்னல் மெஷின் ஒன்று 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்தது. அது திண்டு லேஸின் அதே மாற்றலையும் முறுக்கலையும் அப்படியே செய்யும். குறுகலான, எளிமையான கரைகள்தான் அதில் வரும். நம் துணியில் இருந்ததும் அப்படிப்பட்ட கரைதான். அதனால் கட்டமைப்பு மட்டும் இங்கே தீர்ப்புச் சொல்லாது.

இப்போது பிழை வேண்டும். கையால் பின்னுபவர் நூறு முறை சரியாகச் செய்து, விளக்கு மங்கும்போதோ குழந்தை அழும்போதோ ஒரு முறுக்கை விட்டுவிடுவார். மெஷின் அப்படி விடாது. விட்டால் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் விடும். ஆக, பிழை இருக்கிறதா என்பதைவிட, அது திரும்ப வருகிறதா என்பதே கேள்வி.

இங்கே ஒரு கண்ணி உண்டு, கவனியுங்கள். கைலேஸிலும் சில பிழைகள் திரும்ப வரும். அட்டையில் ஒரு புள்ளியைக் கொஞ்சம் தள்ளிக் குத்தியிருந்தால், அந்த அட்டையில் பின்னிய ஒவ்வொரு சுற்றிலும் அதே விசிறி கோணலாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து மெஷின் என்று முடிவு கட்டினால் தப்பு. இடம் தள்ளியிருப்பது அட்டையின் பிழை. முறுக்கு விட்டுப்போவது, நூல் தவறான பக்கம் போவது, இழுப்பு கூடிக் குறைவது எல்லாம் கையின் பிழை. இரண்டாவது வகையைத் தேடுங்கள்.

துணியைச் சுற்றி ஓடிய இரண்டு மீட்டர் லேஸையும் விரல் விரலாகப் பார்க்க எனக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. ஏழு இடங்களில் பிழை கிடைத்தது. நான்கில் முறுக்கு ஒன்று குறைவு, இரண்டில் ஒன்று அதிகம், ஓரிடத்தில் நூல் அறுந்து புது நூல் சேர்த்து, கொஞ்ச தூரம் இரண்டும் இணையாக ஓடியிருந்தன. பிழைகளுக்கு நடுவே இருந்த விசிறிகளை எண்ணினேன். 3, 19, 8, 31 என்று எந்தக் கணக்குமில்லாமல் வந்தது. இது கை.

மூலைகளைப் பார்த்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். மூலை திரும்பும்போது வடிவமும் சேர்ந்து திரும்பிப் பின்னப்பட்டிருந்தால் அது கைலேஸுக்கு நல்ல சாட்சிதான். ஆனால் மூலையில் சுருக்கி வைத்துத் தைத்திருந்தால் அது எதையும் நிரூபிக்காது. கஜக் கணக்கில் விற்ற கைலேஸையும் அப்படித்தான் சுருக்கித் தைத்தார்கள். நம் துணியில் சுருக்கல்தான்.

நூல் என்ன சொல்லும், என்ன சொல்லாது

லினன் என்றால் கை, பருத்தி என்றால் மெஷின் என்று ஒரு பேச்சு உண்டு. பாதிதான் உண்மை. மெல்லிய மெஷின் பருத்தி நூல் மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகு, 19-ஆம் நூற்றாண்டில் கைலேஸ் பின்னியவர்களும் பருத்திக்கு மாறினார்கள். ஆகவே பருத்தி மெஷினுக்கு அடையாளமில்லை. மிகப் பழையது என்று சொல்லி விற்கப்படும் லேஸ் பருத்தியாக இருந்தால் அந்தக் காலக் கணக்கைச் சந்தேகிக்கலாம், அவ்வளவுதான்.

இரண்டையும் பிரிக்கக் கண்ணாடியே வழி. லினன் இழை வழுவழுப்பாக இருக்கும், ஆனால் தடிமன் ஒரே மாதிரி இருக்காது, இங்கொரு முடிச்சு அங்கொரு புடைப்பு. பருத்தி தடிமனில் ஒழுங்காக இருக்கும், ஆனால் ஒட்டடை படிந்தது போல் மெல்லிய ரோமம் நிற்கும். மெர்சரைஸ் செய்த பருத்தியில் ரோமம் குறைவு, பளபளப்பு அதிகம், அதை லினன் என்று நினைத்துவிடக் கூடாது. தொட்டால் குளிர்ந்திருந்தால் லினன் என்பார்கள். ஏற்காட்டு மூடுபனியில் எதைத் தொட்டாலும் குளிர்ந்துதான் இருக்கும்.

எரித்துப் பார்ப்பது பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். பருத்தியும் லினனும் ஒரே மாதிரிதான் எரியும், காகிதம் எரிந்த வாசனைதான் வரும். எரித்தால் தெரிவது நைலான், பாலியெஸ்டர் கலப்பு மட்டும். உருகிக் கெட்டி உருண்டையாகும். அதற்கும் ஏற்கெனவே உதிர்ந்து கிடக்கும் ஒரு பிசிறு போதும், துணியிலிருந்து பிய்க்காதீர்கள்.

மூன்றாம் படி: பூத்தையலைத் திருப்பிப் போடுங்கள்

எம்பிராய்டரிக்கு முன்பக்கத்தைப் பார்த்தே முடிவு செய்பவர் பாதி நேரம் தோற்பார். பின்பக்கத்தில் முதலில் பார்க்க வேண்டியது நூல் ஒன்றா, இரண்டா என்பது. வீட்டுத் தையல் மெஷினில் ரிங் போட்டுச் செய்ததோ, 1863-இல் ஸ்விட்சர்லாந்தின் ஐசக் கிரோப்லி கண்டுபிடித்த ஷிஃப்லி மெஷினில் செய்ததோ, எதுவாக இருந்தாலும் மேல் நூல் ஒன்று, அடி நூல் ஒன்று. பின்பக்கம் அடி நூல் ஓடும், பெரும்பாலும் மேல் நூலைவிட மெலிந்திருக்கும். வடிவத்தின் விளிம்பில் மேல் நூல் மட்டும் சின்னப் புள்ளி புள்ளியாக எட்டிப் பார்க்கும். அதைக் கண்டால் மேலே தேட வேண்டியதில்லை.

நம் துணியில் அடி நூல் கிடையாது. ஒரே நூல் முன்னும் பின்னும் போய்ப் பூவிதழைப் பின்பக்கமும் நிரப்பியிருந்தது. ஒரு பூவிலிருந்து அடுத்த தண்டுக்கு நூல் தாவிப் போயிருந்தது. கை என்று எழுதிவிடத் தோன்றும். எழுதக் கூடாது.

ஏனென்றால் ஷிஃப்லிக்கு முன்னாலேயே, 1828-இல் ஜோசுவே ஹைல்மன் என்பவர் முல்ஹவுஸில் உருவாக்கிய மெஷின் ஒன்று உண்டு. அதன் ஊசிக்கு இரண்டு பக்கமும் கூர்முனை, கண் நடுவில். துணி செங்குத்தாக நிற்க, நூற்றுக்கணக்கான ஊசிகளை இடுக்கிகள் இந்தப் பக்கம் தள்ளி அந்தப் பக்கம் வாங்கிக்கொள்ளும். ஒருவர் பெரிய வரைபடத்தின் மேல் முள்ளை நகர்த்துவார், எல்லா ஊசிகளும் அதே அசைவைச் சிறிதாகச் செய்யும். அடி நூலே இல்லை. ஒவ்வொரு தையலாகப் பார்த்தால் அசல் கைவேலை. ஆனால் ஒரே கணத்தில் நூறு பூக்கள் வளர்கின்றன. அங்கேதான் அகப்படும்.

கண்டுபிடிக்க மூன்று வழி வைத்திருக்கிறேன். முதலாவது எண்ணுவது. ஒவ்வொரு பூங்கொத்திலும் ஒரே இதழை எடுத்துத் தையல் எண்ணுங்கள். கையால் போடுபவரும் அச்சுக் காகிதம் வைத்துத்தான் வரைவார், அதனால் உருவம் ஒன்றுபோல் இருப்பதில் வியப்பில்லை. ஆனால் இதழை நிரப்பும் தையல் 13, 15, 14 என்று மாறிக்கொண்டே இருக்கும். நம் துணியில் இடப்பக்க இதழில் 11. அடுத்ததிலும் 11. அதற்கடுத்ததிலும் 11. ஒவ்வொன்றிலும் நான்காவது தையல் மட்டும் இதழ் விளிம்புக்கு வெளியே துளி நீண்டிருந்தது. அதே பிழை, அதே இடம்.

இரண்டாவது, பின்பக்கத்தில் நூல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது. கைவேலையில் நூல் தீரும் இடத்தில் தீரும், ஒரு பூவில் இலையில், இன்னொன்றில் தண்டில். இந்த மெஷினில் எல்லா ஊசிக்கும் ஒரே நீளத்தில் நூல் கோப்பார்கள், எல்லாம் ஒன்றாகத் தீரும். நம் துணியில் எல்லாப் பூங்கொத்திலும் நூல் அதே சின்ன இலையில் மாறியிருந்தது.

மூன்றாவது டேப். ஒரு பூவின் நடுவிலிருந்து அடுத்த பூவின் நடுவுக்கு 54 மில்லிமீட்டர். எட்டுப் பூவுக்கும் அதே அளவு. இந்த மெஷின்களின் ஊசி இடைவெளி பழைய பிரெஞ்சு அங்குலத்தில் அமைந்தது, அது சுமார் 27 மில்லிமீட்டர். 54 என்பது அதில் சரியாக இரண்டு. துவைத்துச் சுருங்கிய துணியில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குறையலாம், அதனால் இதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். மற்ற இரண்டோடும் சேர்ந்து வரும்போது இது கனமான சாட்சி.

மேல் வரிசையில் மூன்றாவது பூங்கொத்து மட்டும் என்னைக் கொஞ்ச நேரம் குழப்பியது. அதில் இதழுக்கு 9 தையல், இழுப்பும் வேறு. முதலில் அதைப் பார்த்திருந்தால் "கை" என்று சத்தியம் செய்திருப்பேன். மெஷினில் ஓர் ஊசியின் நூல் அறுந்தால் அந்தப் பூ மட்டும் குறையாக நிற்கும். அதைத் தொழிற்சாலையிலேயே பெண்கள் கையால் நிரப்பி அனுப்புவார்கள். ஒரு பூவை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது இதனால்தான். குறைந்தது நான்கைந்தை எண்ணுங்கள்.

நம்மூர் ரவிக்கை வேலை பார்ப்பவர்கள் ஆரியைப் பற்றிக் கேட்பார்கள். ஆரி கொக்கியால் போட்ட சங்கிலித் தையலும் மெஷின் சங்கிலித் தையலும் அமைப்பில் ஒன்றே. கடைசி முனையை இழுத்தால் இரண்டுமே சரசரவென்று பிரியும். ஊசியால் போட்ட சங்கிலி மட்டும் அப்படிப் பிரியாது. எனவே பிரிகிறது என்பதை வைத்து மெஷின் என்று சொல்லிவிடாதீர்கள். இழுத்துப் பார்ப்பதும் வேண்டாம், கண்ணாடியிலேயே வளையத்தின் போக்கு தெரியும்.

எழுத்தும் ஒட்டும்

மூலையிலிருந்த இரண்டு எழுத்துகள் மேடாக இருந்தன. ஓரிடத்தில் மேல் தையல் தேய்ந்து, அடியில் மெத்தை போல நீளவாக்கில் போட்ட ஓட்டுத் தையல் தெரிந்தது. அந்த ஓட்டுத் தையல் தாறுமாறாக இருந்தது. பின்னால் நூல் முனைகளை முடிச்சுப் போடாமல் தையலுக்குள் நுழைத்து மறைத்திருந்தார்கள், இரண்டு எழுத்திலும் வெவ்வேறு இடத்தில். கை.

கடைசியாகப் புற ஊதா டார்ச். அறையை இருட்டாக்கிப் பார்த்தேன். துணி முழுவதும் மங்கலாகவே இருந்தது. ஒரு ஓரத்தில் கிழிசலை இழையோட்டி மூடிய இடம் மட்டும் நீலவெள்ளையாகப் பளிச்சிட்டது. நூலுக்கு அப்படி வெண்மை கூட்டும் பொருள் இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளுக்குப் பிறகே பரவலானது. எனவே அந்த ஒட்டு பிற்காலத்தது. ஆனால் பளிச்சிடுவதெல்லாம் பிற்காலத்தது என்று சொல்ல முடியாது. இன்றைய சோப்புப் பவுடரில் அதே பொருள் இருப்பதால், ஒருமுறை அதில் துவைத்திருந்தால் நூறு வயது லினனும் பளிச்சிடும். பளிச்சிடாத துணி பழையது என்றும் உறுதியில்லை. இங்கே டார்ச் சொன்னது ஒட்டைப் பற்றி மட்டும்.

லேஸை நாகர்கோவில் என்று எழுதலாமா என்று யோசித்தேன். ரோமம் நிற்கும் பருத்தி நூல், எளிய விசிறிக் கரை. ஆசை இருந்தது. ஆனால் இதே விசிறிக் கரையை ஐரோப்பாவின் பல ஊர்களிலும் பின்னினார்கள், வடிவம் மட்டும் ஊரைச் சொல்லாது. கூடவே ஒரு ரசீதோ, பொட்டலக் காகிதமோ, கடிதமோ இருந்திருந்தால் எழுதியிருப்பேன். பெட்டியின் அடி வரை தேடியும் எதுவும் இல்லை.

கண்ணாடியை மடக்கிவிட்டு, உடன் வைக்கும் சீட்டில் எழுதினேன்: "லினன் டிரே துணி. கரை, பருத்தித் திண்டு லேஸ், கைப்பின்னல், மூலைகளில் சுருக்கித் தைத்தது. பூங்கொத்துகள், ஹைல்மன் வகை மெஷின், ஒன்று மட்டும் கையால் நிரப்பியது. எழுத்துகள், கை. ஓரத்தில் பிற்கால ஒட்டு. ஊர், ஆண்டு தெரியாது."

காவல்காரரின் மனைவி தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இது கையில போட்டதுங்களா, இல்லீங்களாக்கா?"

"ஓரமும் எழுத்தும் கைங்க. பூ மட்டும் மெஷின்" என்றேன்.

"அந்தப் பூதாங்க நல்லா இருக்குது" என்றார்.